ஆண்டுக்கு 24 முறையா, 26 முறையா?

இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 'ஃபார்ட்நைட்' என்ற சொல்லுக்குப் பல பத்தாண்டுகளாக ஒரே பொருள்தான். ஒரு சனிக்கிழமை தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை முடிய, ஆக மொத்தம் 14 நாள். வங்கிகள் தங்களிடம் உள்ள வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இருப்பு அன்றாடம் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஆனால் 14 நாளின் சராசரி சரியாக இருந்தாக வேண்டும். வங்கிகள் கணக்கு அனுப்பும் நாளும் இந்தச் சுற்றையொட்டியே வரும். 2025இல் ரொக்க இருப்பு விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக நான்கு தவணைகளில் குறைத்தார்களே, அந்தத் தேதிகளைப் பாருங்கள்: செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, நவம்பர் 29. நான்குமே சனிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக 28 நாள், அதாவது இரண்டு ஃபார்ட்நைட்.

அதே 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வங்கிச் சட்டத் திருத்தம் இந்தச் சொல்லின் அளவையே மாற்றிவிட்டது. இனி ஃபார்ட்நைட் என்றால் மாதத்தின் 1ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை, அல்லது 16ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. சொல் மாறவில்லை. ஆண்டுக்கு 26 என்றிருந்த எண்ணிக்கைதான் 24 ஆகிவிட்டது. முதல் பாதி எப்போதும் 15 நாள். இரண்டாம் பாதி மாதத்தைப் பொறுத்து 13 முதல் 16 நாள் வரை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிறந்ததே 'பதினான்கு இரவு' என்ற பழைய தொடரிலிருந்துதான். இன்றைய இந்திய வங்கிச் சட்டப்படி உண்மையிலேயே 14 நாள் கொண்ட ஃபார்ட்நைட் ஒன்றே ஒன்றுதான்: லீப் ஆண்டில் பிப்ரவரி 16 முதல் 29 வரை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

இந்த மாற்றம் எதற்கு என்று புரிய, பழைய முறையில் மார்ச் மாதக் கடைசிக் கணக்கு என்ன பாடுபட்டது என்று பார்க்க வேண்டும். 14 நாளை 26 முறை அடுக்கினால் 364 நாள்தான் வரும். ஆண்டுக்கு ஒரு நாள் குறைகிறது, லீப் ஆண்டானால் இரண்டு நாள். அதனால் ஒவ்வொரு நிதியாண்டின் கடைசி 'கணக்கு வெள்ளி'யும் முந்தைய ஆண்டைவிட முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2017இல் அது மார்ச் 31. 2018இல் மார்ச் 30, 2019இல் மார்ச் 29, 2020இல் மார்ச் 27. இப்படியே நகர்ந்து 2025இல் மார்ச் 21ஆம் தேதிக்கு வந்துவிட்டது. வங்கிகளின் ஆண்டறிக்கை மார்ச் 31 நிலவரத்தைச் சொல்லும். ரிசர்வ் வங்கியின் அந்தப் புள்ளிவிவரம் பத்து நாள் முந்தைய நிலவரத்தைச் சொல்லும். மார்ச் மாதத்தின் அந்தக் கடைசிப் பத்து நாளில்தான் வங்கிக் கிளைகளில் வைப்புத்தொகை திரட்ட ஓட்டமாய் ஓடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2016 ஏப்ரல் 1 ஒரு கணக்கு வெள்ளி, 2017 மார்ச் 31உம் ஒரு கணக்கு வெள்ளி. ஆக அந்த ஒரே நிதியாண்டில் 27 கணக்கு வெள்ளிகள். அதற்கு முந்தைய நிதியாண்டில் கடைசி வெள்ளி மார்ச் 18ஆம் தேதியே வந்து போய்விட்டது. ஓராண்டு வளர்ச்சி என்று இரண்டையும் ஒப்பிடுபவர், ஓராண்டுக்கு மேல் இரண்டு வாரத்து வளர்ச்சியையும் சேர்த்தே எண்ணிவிடுவார்.

ரிசர்வ் வங்கிக்கே இப்படி என்றால், நம் வீட்டு வாடகை, அலுவலக ஒப்பந்தம், சம்பளப் பேச்சில் இந்தச் சொல் எத்தனை வேலை காட்டும்! அங்காவது சட்டத்தில் பொருள் எழுதி வைத்திருந்தார்கள். நாம் எழுதும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 'ஃபார்ட்நைட்லி' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், பூச்சி மருந்து அடிக்க ஒரு நிறுவனத்தோடு 2026 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஃபார்ட்நைட்லி சர்வீஸ், ஒரு முறைக்கு ரூ. 4,000' என்பதுதான் வாசகம். ஜனவரி 1ஆம் தேதி முதல் நடை வந்துவிட்டுப் போகிறார்கள். வருடம் முழுக்க எத்தனை நடை வர வேண்டும்?

மாதம் இருமுறை என்று கொண்டால் 24 நடை, 96,000 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கொண்டால்? ஜனவரி 1 வியாழக்கிழமை. அதிலிருந்து 14 நாளாக எண்ணிக்கொண்டே போனால் ஜனவரியிலேயே 1, 15, 29 என்று மூன்று நடை விழும். ஜூலையில் 2, 16, 30. டிசம்பரில் 3, 17, 31. மற்ற மாதங்களில் இரண்டிரண்டு. கூட்டினால் 27 வருகிறது, 26 இல்லை! 1,08,000 ரூபாய். ஓராண்டு என்பது 52 வாரமும் ஒரு நாளும் என்பதால், முதல் நாளிலேயே தொடங்கினால் கடைசி நாளிலும் ஒரு முறை விழுந்துவிடுகிறது. ஒரு நாள் தள்ளி ஜனவரி 2 வெள்ளியன்று தொடங்கியிருந்தால் 26தான்.

மூன்றாவது பொருளும் ஒன்று இருக்கிறது. அது நம் வாயிலேயே இருக்கிறது. 'ஃபார்ட்நைட்லி'யை நாம் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்துடுவாங்க" என்றுதான். அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, ஜனவரி 1, 16, 31, பிப்ரவரி 15 என்று பதினைந்து பதினைந்தாக எண்ணினால் 2026இல் 25 நடை வரும். கிழமையும் நிற்காது, தேதியும் நிற்காது. ஆக ஒரே சொல்லில் 24, 25, 26, 27 என நான்கு விடைகள். குறைந்ததற்கும் கூடியதற்கும் நடுவே 12,000 ரூபாய்.

இதில் யார் எந்தப் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது, பணம் எப்படிப் பேசப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், கூடுதல் நடை வந்தால் நிறுவனத்துக்கு லாபம். வருடத்துக்கு மொத்தமாக ஒரு லட்சம் என்று பேசியிருந்தால் கதை தலைகீழ். அப்போது நிறுவனத்துக்கு 24 நடை போதும், நடை ஒன்றுக்கு 4,167 ரூபாய் கிடைக்கும். சங்கத்துக்கோ 26 நடை வேண்டும், அப்போதுதான் நடைக்கு 3,846 ரூபாயில் முடியும். ஜூலைக் கடைசியில் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "முப்பதாம் தேதி ஆள் வரலையே தம்பி?" என்று கேட்பார். "சார், இந்த மாசம் ரெண்டு தடவை வந்துட்டோமே!" என்று அங்கிருந்து பதில் வரும். இருவரும் ஒப்பந்தத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இருவர் சொல்வதும் அதில் இருக்கிறது.

இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. மாதம் 1, 15 தேதிகளில் என்றால் முதல் இடைவெளி 14 நாள். 15ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 1ஆம் தேதிவரை, 31 நாள் உள்ள மாதத்தில் 17 நாள். பிப்ரவரியில் மறுபடியும் 14. கணக்கு எழுதுபவருக்கு இது வசதி. ஆனால் செய்யும் வேலையே இடைவெளியை நம்பியிருக்கிறது என்றால் மூன்று நாள் வித்தியாசம் சின்னதில்லை. மூட்டுவாதத்துக்குத் தரும் அடலிமுமாப் ஊசியின் மருந்துக் குறிப்பு இதனால்தான் 'பைவீக்லி' என்ற சொல்லின் பக்கமே போகாமல், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறது.

ஃபார்ட்நைட்லியாவது 24, 26 என்று பக்கத்துப் பக்கத்து எண்களோடு நிற்கிறது. 'பைவீக்லி' இன்னும் மோசம். அதற்கு வாரம் இருமுறை என்றும் பொருள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள். ஆங்கில அகராதிகளே இரண்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஒன்றுக்கு ஒன்று நான்கு மடங்கு வித்தியாசம்: ஆண்டுக்கு 104 முறை, அல்லது 26 முறை.

எந்தப் பொருள் என்பது பேசுபவர் எந்த ஊர், எந்தத் துறை என்பதைப் பொறுத்தே இருக்கிறது. இந்திய ரயில்வேயில் 'பை-வீக்லி எக்ஸ்பிரஸ்' என்றால் வாரத்தில் இரண்டு நாள் ஓடும் ரயில். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, கால அட்டவணையில் பக்கத்திலேயே கிழமையும் போட்டிருப்பார்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ சம்பளப் பிரிவில் இருப்பவரிடம் பைவீக்லி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேறு பேச்சே இல்லை. அங்கே மாதம் இருமுறைக்கு 'செமி-மன்த்லி' என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருவர், காலையில் மின்னஞ்சலில் ஒரு பைவீக்லியைப் படித்துவிட்டு, மாலையில் ஊருக்குப் போக டிக்கெட் போடும்போது இன்னொரு பைவீக்லியைப் பார்க்கிறார்.

தமிழில் 'வாரமிருமுறை', 'மாதமிருமுறை' என்று பத்திரிகைகள் அட்டையிலேயே போட்டுக்கொள்வது வழக்கம். அவற்றை யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் இந்தத் தெளிவிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்துத் தருபவர், பைவீக்லி வரும் இடத்தில் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது தமிழில் மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. ஆங்கிலப் பிரதியே இறுதியானது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், அவர் புரிந்துகொண்டது ஒன்று, கட்டுப்படுவது வேறொன்று என்றாகிவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். இதில்தான் 24க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம் மாதா மாதம் கண்ணில் படும். அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 78,000 டாலர் என்று கொள்வோம். செமி-மன்த்லி என்றால் ஒவ்வொரு முறையும் 3,250 டாலர், ஆண்டுக்கு 24 முறை. பைவீக்லி என்றால் 3,000 டாலர், 26 முறை. ஆண்டு மொத்தம் ஒன்றுதான். ஆனால் பைவீக்லிக்காரருக்குப் பத்து மாதம் 6,000 டாலர் கைக்கு வரும். இரண்டு மாதம் மட்டும் மூன்று சம்பளம் விழுந்து 9,000 வரும். வாடகை, கடன் தவணை எல்லாம் மாதக் கணக்கில் போக, வரவு மட்டும் வாரக் கணக்கில் வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் 6,000க்குள் குடும்பம் நடத்தி, அந்த இரண்டு உபரிச் சம்பளத்தையும் தனியே எடுத்து வைப்பார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, பைவீக்லித் தொகையை இரண்டால் பெருக்கி மாதச் சம்பளம் என்று எழுதிவிடுவது. 3,000 டாலர்காரரின் மாத வருமானம் 6,000 இல்லை. 3,000ஐ 26ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். 6,500 வரும். கடன் விண்ணப்பத்தில் இந்த 500 டாலர் காணாமல் போனால், கிடைக்கும் கடன்தொகையும் அதற்கேற்பக் குறையும்.

சம்பளம் போடுபவருக்கு செமி-மன்த்லி எளிது என்று தோன்றும், மாதக் கணக்கோடு ஒத்துப்போகிறதே. ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஊழியர்கள் இருந்தால் அதுவே தலைவலி. அமெரிக்கச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் மிகைநேர ஊதியம் உண்டு, வாரம் வாரமாகத்தான் கணக்கு. 15ஆம் தேதி ஒரு புதன்கிழமையில் வந்தால் வாரம் நடுவில் வெட்டுப்பட்டு, பாதி ஒரு சம்பளத்திலும் பாதி அடுத்ததிலும் போய் விழும். அந்த வாரத்தில் 40 மணி நேரம் தாண்டியதா என்று இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பைவீக்லியில் எப்போதும் இரண்டு முழு வாரம், அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

அதற்குப் பதிலாக 27ஆவது சம்பளம் என்ற சிக்கல் வரும். நம் பூச்சி மருந்து ஒப்பந்தத்தில் வந்த அதே ஒரு நாள்தான் இங்கேயும். சம்பள வியாழன் 2026 ஜனவரி 1 அன்று விழுந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டில் 27 சம்பள நாள். ஒவ்வொன்றுக்கும் 3,000 போட்டால் 81,000 ஆகிவிடுகிறது. 78,000ஐ 27ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறையும் 2,889 டாலர் அளவுக்குக் குறையும், ஊழியர்கள் கேள்வி கேட்பார்கள். 'ஆண்டுக்கு 78,000' என்று எழுதியிருந்தால் ஒரு நியாயம், 'பைவீக்லி 3,000' என்று எழுதியிருந்தால் இன்னொரு நியாயம். இரண்டையும் ஒரே வேலைநியமனக் கடிதத்தில் எழுதி வைக்கும் நிறுவனங்கள்தான் மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்க மத்திய அரசு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது, எனக்குப் பிடித்த கணக்கு இது. ஆண்டுச் சம்பளத்தை மணிக்கூலியாக மாற்ற 2,080ஆல் வகுக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 52 வாரம், வாரத்துக்கு 40 மணி. அவர்கள் 2,087ஆல் வகுக்கிறார்கள். தேதியும் கிழமையும் 28 ஆண்டுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே திரும்பி வரும். அந்த 28 ஆண்டில் 10,227 நாள், அதாவது 1,461 வாரம். வாரத்துக்கு 40 மணி என்று பெருக்கி 28ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2,087 மணி வருகிறது. 27ஆவது சம்பளம் எந்த ஆண்டில் வந்தாலும், அதன் சுமையை எல்லா ஆண்டுகளிலும் பரப்பிவிட்டார்கள்.

கனடாவில் வீட்டுக்கடன் வாங்கிய தமிழர்களுக்கு இதே 26 வேறு உருவத்தில் பழக்கம். மாதத் தவணை 2,400 டாலர் என்று வைத்துக்கொண்டால், சாதாரண பைவீக்லியில் 2,400ஐ 12ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து 1,107 டாலர் 69 சென்ட் என்று கட்டச் சொல்வார்கள். 'ஆக்ஸிலரேட்டட் பைவீக்லி' என்றால் சரிபாதி 1,200 டாலர், 26 முறை. இரண்டாவதில் ஆண்டுக்கு 31,200 டாலர் போகிறது, மாதக் கணக்கில் 28,800தான். கூடுதலாக ஒரு மாதத் தவணை கட்டப்படுகிறது, அதனால் கடன் சீக்கிரம் தீர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுவதிலேயே ஏதோ மாயம் இருப்பதாகச் சிலர் நம்புகிறார்கள். மாயம் பெரும்பாலும் அந்தப் பதின்மூன்றாவது தவணையில்தான் இருக்கிறது.

சரி, ஒப்பந்தத்தில் எப்படித்தான் எழுதுவது? சொல்லைத் தேடுவதைவிட, நமக்கு வேண்டியது என்ன என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சிலருக்கு மாறாத இடைவெளி வேண்டும். சிலருக்கு மாறாத தேதி வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. நம் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. எது வேண்டும் என்று முடிவானபின், ஃபார்ட்நைட்லியையும் பைவீக்லியையும் அடித்துவிட்டு, நாளையும் எண்ணிக்கையையும் எழுதிவிடலாம். '2026 ஜனவரி 1 வியாழன் தொடங்கி 14 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், மொத்தம் 26 முறை, கடைசி முறை டிசம்பர் 17' என்று எழுதினால் அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. 27ஆவது வேண்டுமா வேண்டாமா என்பதையும் அந்த 'மொத்தம்' என்ற சொல்லே தீர்த்துவிடுகிறது. தேதிதான் முக்கியம் என்றால் 'ஒவ்வொரு மாதமும் 1, 16 ஆகிய தேதிகளில், மொத்தம் 24 முறை' என்று எழுதலாம். 15, 30 என்று எழுதுபவர்கள் பிப்ரவரியை மறந்துவிடுகிறார்கள். 15ஆம் தேதியும் மாதத்தின் கடைசி நாளும் என்று எழுதினால் பிழை வராது.

அடுத்தது விடுமுறை. நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது நடையே ஜனவரி 15, தைப்பொங்கல். ஆள் வர மாட்டார்கள். மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்து உழவர் திருநாள், பிறகு ஞாயிறு. திங்கள் 19ஆம் தேதிதான் வருவார்கள். அதற்கு அடுத்த நடை எப்போது? முதலில் போட்ட அட்டவணைப்படி ஜனவரி 29. வந்த நாளிலிருந்து 14 நாள் என்றால் பிப்ரவரி 2. முதல் வழியில் இந்த ஒரு இடைவெளி மட்டும் பத்து நாளாகக் குறைந்து, பிறகு எல்லாம் பழைய வியாழனுக்கே திரும்பிவிடும். இரண்டாம் வழியில் ஒவ்வொரு பண்டிகைக்கும் நான்கு நாள், ஐந்து நாள் என்று அட்டவணையே பின்னுக்கு நகர்ந்து, வருடக் கடைசியில் ஒன்றிரண்டு நடை காணாமல் போயிருக்கும். ஏமாற்றியதாக யாரையும் சொல்ல முடியாது, 14 நாளைக்கு ஒருமுறை சரியாகத்தான் வந்திருப்பார்கள். 'விடுமுறையால் ஒரு நடை தள்ளிப்போனாலும் அடுத்த நடை அட்டவணைத் தேதியிலேயே' என்று ஒரு வரி சேர்த்தால் இது நடக்காது.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் என்றால்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது. ஆனால் ஃபார்ட்நைட்லி என்ற ஒரு சொல்லுக்காக முழு ஒப்பந்தமும் விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நிச்சயப்படுத்த முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி, அதற்கு வழி பெரும்பாலும் கையிலேயே இருக்கும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஆண்டு மொத்தம் போட்டிருந்தால், அதை ஒரு முறைக்கான தொகையால் வகுத்துப் பாருங்கள். 96,000 என்றிருந்தால் 24தான் பேசப்பட்டிருக்கிறது. மொத்தம் எங்கும் இல்லை என்றால், முதல் நான்கைந்து மாதத்து பில்களை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். கிழமை மாறாமல் இருக்கிறதா, தேதி மாறாமல் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இரு தரப்பும் மறுப்பில்லாமல் அப்படி நடந்துவந்திருக்கிறார்கள் என்பது வாதத்தில் கனமான சான்று. ஆனால் ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தின் முதல் இரண்டு நடைகளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜனவரி 1, ஜனவரி 15 என்பது இரண்டு முறையிலும் ஒன்றேதான். மூன்றாவது நடையில்தான் 29ஆ, பிப்ரவரி 1ஆ என்று வழி பிரிகிறது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் ஒரு கண் வைக்க வேண்டும். 14 நாள் கணக்கில் ஓடியது 2026 டிசம்பர் 31இல் கடைசி நடை முடித்திருக்கும். புது ஒப்பந்தத்தில் பழக்கத்தில் 'ஜனவரி 1 முதல்' என்று எழுதிவிட்டால், அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு நடை, இரண்டு பில். ஒற்றைப்படை வாரத்தில் வரச் சொல்லி, வார எண்ணை வைத்து அட்டவணை போடும் நிறுவனங்களுக்கும் அந்த ஆண்டு முடிவில் ஒரு பொறி இருக்கிறது. உலகத் தர நிர்ணயப்படி 2026இல் 53 வாரங்கள். 53ஆவது வாரம் ஒற்றைப்படை, அதற்கடுத்து வரும் 2027இன் முதல் வாரமும் ஒற்றைப்படை. டிசம்பர் 31 வந்தவர்கள் ஜனவரி 7 அன்று மறுபடியும் வந்து நிற்பார்கள். பழைய சுற்றே தொடர வேண்டும் என்றால், புது ஒப்பந்தத்தில் முதல் நடை 2027 ஜனவரி 14 என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.